அறிவிப்பைச் செவிக்கென எழுதுதல்

நம் சபைகளில் வாராந்தர அறிவிப்பு பெரும்பாலும் கண்ணுக்கென எழுதப்பட்டு, செவிக்கு வாசிக்கப்படுகிறது. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் வருவதால், கேட்போர் அதுவரை யாவற்றையும் நினைவில் தாங்க வேண்டியதாகிறது.

அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவும் குதிரைச் சந்தையும் கூடும். அவ்வாரப் பேருந்து நெருக்கடி கருதி, அருகிலுள்ள அத்தாணியில் நடக்கும் ஜெபக்கூட்டத்தின் நாளை மாற்றுவதாகக் கொள்வோம். "புதன்கிழமை மாலை 6.30 மணிக்கு அத்தாணியில் நடைபெறவிருந்த ஜெபக்கூட்டம், திருவிழாவை முன்னிட்டு வியாழக்கிழமைக்கு மாற்றப்பட்டுள்ளது" என எழுதினால் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆயினும் முதலில் காதில் விழுந்த புதன்கிழமையே மனதில் நிற்கும். சிலர் அன்றே போய்க் காத்திருப்பர்.

அதனை இவ்வாறு பிரிக்கலாம்:

அத்தாணி ஜெபக்கூட்டம். /
இந்த வாரம் புதன்கிழமை கூட்டம் இல்லை. //
வியாழக்கிழமை நடைபெறும். /
மாலை ஆறரை மணி. /
வியாழக்கிழமை, மாலை ஆறரை. //

ஒரு கோடு மூச்சு வாங்குமளவு. இரு கோடுகள் கேட்போர் மனதில் குறித்துக்கொள்ளுமளவு. முதல் வரி உரியவரைச் செவிசாய்க்கச் செய்கிறது. காரணத்தை விட்டுவிட்டோம், அது ஊரறிந்ததே. எழுதியபின் ஒருமுறை உரக்க வாசிக்க வேண்டும். மூச்சு முட்டுமிடத்தில் வாக்கியம் நீண்டுவிட்டதென அறியலாம்.

திருமண ஓலைக்கு மட்டும் இது பொருந்தாது. மூன்று ஞாயிறுகள் வாசிக்கப்படும் அவ்வாசகம் ஆராதனை முறைமையில் உள்ளபடியே நிற்க வேண்டும். ஆட்சேபணை உடையோர் அதைக் கேட்டே முன்வர வேண்டியவர்கள். மணமக்களின் பெயருக்கும் ஊருக்கும் முன்னே ஒரு கோடு இடுவதே நாம் செய்யத்தக்கது.