ஒரே ‘கொ’, இரண்டு எண் வரிசை

அலுவலகக் கணினியில் ‘கொன்றை’ என்று தமிழில் கடவுச்சொல் வைக்கிறார் ஒருவர். வீட்டுக்குப் போய்க் கைப்பேசியில் அதையே தட்டினால், ‘கடவுச்சொல் தவறு’ என்று வருகிறது. எழுத்துப்பிழை எதுவும் இல்லை. இரண்டு கருவிகளும் ஒரே சொல்லை வெவ்வேறு எண்களாக அனுப்பியதுதான் சிக்கல்.

யூனிக்கோடில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் உண்டு. ‘கொ’ என்பதில் ‘க’வுக்கு U+0B95. ஒகரக் குறியைத்தான் இரண்டு விதமாக எழுதலாம். ‘ொ’ முழுவதையும் U+0BCA என்ற ஒரே எண்ணாகத் தரலாம். இல்லையென்றால் ஒற்றைக்கொம்பையும் காலையும் U+0BC6, U+0BBE என்று தனித்தனியே தரலாம். எப்படித் தந்தாலும் எழுத்துரு கொம்பைக் ‘க’வுக்கு முன்னும் காலைப் பின்னும் வைத்துவிடும். அதனால் திரையில் வேறுபாடே தெரியாது.

எந்த வடிவம் வரும் என்பது விசைப்பலகையைப் பொறுத்தது. தமிழ்99 முறையில் ‘க’வுக்குப் பிறகு ‘ஒ’ விசையை அழுத்தினால் பொதுவாக ஒற்றை எண் கிடைக்கும். இன்ஸ்கிரிப்டில் ‘ொ’வுக்குத் தனி விசையே உண்டு. ஆனால் தட்டச்சுப் பழக்கத்தில் கொம்பையும் காலையும் தனித்தனியே அழுத்துபவருக்கு, மென்பொருள் அவற்றைச் சேர்க்காவிட்டால், இரண்டு எண்கள் பதிவாகும்.

‘கொன்றை’யை எண்ணிப் பார்ப்போம். ஒரு வடிவத்தில் க, ொ, ன, ், ற, ை என ஆறு குறிகள். மற்றதில் ஏழு. யூ.டி.எஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் என்பதால், முதலாவது 18 பைட், இரண்டாவது 21 பைட்.

ஒழுங்காகக் கட்டப்பட்ட தளம் கடவுச்சொல்லை அப்படியே சேமிப்பதில்லை. அதை ஹாஷ் என்ற கணக்கில் இட்டு, விடையை மட்டும் வைத்துக்கொள்ளும். உள்ளே போகும் பைட்டுகளில் ஒன்று மாறினாலும் விடை முற்றிலும் மாறிவிடும். ‘கிட்டத்தட்ட அதே சொல்தான்’ என்று கண்டுகொள்ள அந்த விடையில் எந்தத் தடயமும் இருக்காது.

இதற்கான மருந்து யூனிக்கோடிலேயே இருக்கிறது. இப்படி இரட்டை வடிவம் உள்ளவற்றை ஒரே வடிவமாக்கும் விதிக்கு இயல்பாக்கம் என்று பெயர். பைத்தானில் ஒரு வரி போதும்:

```python
import unicodedata
s = unicodedata.normalize("NFC", s)
```

இது கொம்பையும் காலையும் U+0BCA ஆக இணைத்துவிடும். ஓகாரக் குறிக்கும் இப்படியே. 2017இல் வெளியான RFC 8265, பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டுக்குமே இந்த வடிவத்தைத்தான் விதிக்கிறது. ஆனால் இதை ஹாஷ் போடுவதற்கு முன்பே செய்ய வேண்டும். பழைய ஹாஷை வைத்துக்கொண்டு பிறகு திருத்த வழியில்லை. ஏற்கெனவே இயங்கும் தளம், உள்நுழையும்போது வந்த வடிவம், இணைத்த வடிவம், பிரித்த வடிவம் என்று மூன்றையும் சோதித்து, ஒன்று பொருந்தினால் இணைத்த வடிவத்துக்குப் புது ஹாஷைச் சேமிக்கலாம். அப்படி ஒவ்வொரு கணக்காகச் சரியாகும்.

பயனர் பெயர் அப்படியே சேமிக்கப்படுவதால், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடலாம். ஆனால் இரண்டு வடிவத்திலும் இருவர் ஏற்கெனவே பதிவு செய்திருந்தால், மாற்றிய பிறகு இருவர் பெயரும் ஒன்றாகிவிடும். அதனால் மாற்றுவதற்கு முன் மோதல்களைத் தேட வேண்டும்.

இயல்பாக்கம் தீர்க்காத சிக்கலும் ஒன்று இருக்கிறது. ‘கௌதமி’யில் வரும் ஔகாரக் குறி U+0BCC. அதற்குப் பதிலாக ஒற்றைக்கொம்பிட்டு ‘ள’ என்ற எழுத்தையே பலர் தட்டுகிறார்கள்; ‘கெளதமி’ கண்ணுக்கு அதேபோல்தான் தெரியும். ஆனால் யூனிக்கோடுக்கு அது ‘கெ’, ‘ள’ என்ற இரண்டு எழுத்துகள். ‘கெளுத்தி’ போன்ற சொற்களில் அந்த இணை உண்மையாகவே வருவதால், எந்த இயல்பாக்கமும் அதைத் தொடாது, தொடவும் கூடாது. கையால் ‘ள’ போட்டுக் கடவுச்சொல் வைத்தவருக்குக் கைப்பேசியின் சொற்பரிந்துரை சரியான ‘ௌ’வைத் தந்தால், கதவு திறக்காது. பயனர் பெயரில் இது ஆள்மாறாட்டத்துக்கும் இடம் தரும். எனவே புதுப் பெயரைப் பதிவு செய்யும்போது இப்படிக் கண்ணை ஏமாற்றும் இணைகளைத் தளம் தனியாகச் சோதிக்க வேண்டும்.

உங்கள் விசைப்பலகை எதைத் தருகிறது என்று அறிய, குறிப்பேட்டுச் செயலியில் ‘கொ’ என்று தட்டி ஒருமுறை அழித்துப் பாருங்கள். பெரும்பாலான செயலிகள் தமிழில் ஒரு நேரத்தில் ஓர் எண்ணையே அழிக்கும். ‘க’ மிஞ்சினால் ஒற்றைக் குறி. ‘கெ’ மிஞ்சினால் பிரிந்த குறி. தளம் இயல்பாக்கம் செய்கிறதா என்று தெரியாதவரை, ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்களைக் கடவுச்சொல்லில் தவிர்ப்பது நல்லது. ஆ முதல் ஐ வரையிலான மற்ற உயிர்க்குறிகளுக்கு இந்த இரட்டை வடிவம் கிடையாது. ‘மல்லிகை’ எந்தக் கருவியிலிருந்து போனாலும் அதே ஏழு குறிகள், அதே 21 பைட்டுகள்.