அச்சு வருகிறது, ஸ்கேனர் மட்டும் காணவில்லை

சாதிச் சான்றிதழை ஸ்கேன் செய்து விண்ணப்பத்தோடு ஏற்ற வேண்டும். ஜெராக்ஸ் கடைக்காரர் தாளைக் கண்ணாடி மேல் கவிழ்த்து மூடிவிட்டு, கணினியில் ஸ்கேன் பொத்தானை அழுத்துகிறார். திரையில் `No scanners were detected` என்று வருகிறது. சற்று முன்புதான் அதே மெஷினில் விண்ணப்பப் படிவத்தை அச்சடித்துக் கொடுத்தார். கேபிளைப் பிடுங்கிச் செருகுகிறார், மெஷினை அணைத்துப் போடுகிறார். அச்சு மறுபடியும் வருகிறது. ஸ்கேனர் மறுபடியும் இல்லை.

கேபிள் சரி, மின்சாரம் சரி, அச்சு சரி என்றால் ஸ்கேனுக்கு மட்டும் என்ன கேடு என்ற எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் மேசை மேல் ஒரே பெட்டியாக உட்கார்ந்திருக்கும் அந்த ஆல்-இன்-ஒன் மெஷின், கணினியின் கண்ணுக்கு ஒன்றல்ல. ஒரு பிரின்டர், ஒரு ஸ்கேனர் என்று இரண்டு தனிச் சாதனங்கள். ஒரே வாசலில் இரண்டு மின் இணைப்பு எடுத்த வீட்டைப் போல: மாடியில் விளக்கு எரிவது கீழ்வீட்டின் மீட்டரைப் பற்றி எதையும் சொல்லாது.

முதலில் மெஷினையே சோதித்துவிடலாம். கணினியைத் தொடாமல், மெஷினில் இருக்கும் காப்பி பொத்தானை அழுத்தினால் நகல் வருகிறதா? வந்தால் ஸ்கேனரின் விளக்கு, சென்சார், அதை நகர்த்தும் மோட்டார் எல்லாம் நன்றாக இருக்கின்றன. பழுது கணினிக்கும் மெஷினுக்கும் இடையில்தான். நகல் கறுப்பாகவோ கோடுகோடாகவோ வந்தால், அல்லது மெஷினே பிழை காட்டினால், டிரைவரை மாற்றிப் பயனில்லை. மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

யுஎஸ்பி கேபிளில் செருகியதும், தன்னிடம் எத்தனை பகுதிகள் உண்டு என்பதை மெஷின் கணினியிடம் அறிவிக்கிறது. அச்சுப் பகுதிக்கு யுஎஸ்பி தரத்திலேயே பொதுவான ஒரு வகை உண்டு. அதை ஏற்றுக்கொள்ளும் டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. `usbprint.sys` என்பது அதன் பெயர். அதற்கு மேல், தாளில் எழுத்தை விழவைக்கும் டிரைவரையும் பல மாடல்களுக்கு விண்டோஸ் தானே தேடி எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் சிடி போடாமலே அச்சு வந்துவிடுகிறது.

ஸ்கேன் பகுதிக்கு இந்த வசதி இல்லை. பெரும்பாலான மெஷின்களில் அது தயாரிப்பாளர் தனக்கென்று வகுத்துக்கொண்ட மொழியில் பேசுகிறது. அந்த மொழி தெரிந்த டிரைவரை அவரே தர வேண்டும். விண்டோஸ் தானாகப் போட்டுக்கொண்ட அச்சு டிரைவரில் ஸ்கேன் பகுதி இல்லாமல் போவது மிகச் சாதாரணம். ஆக, 'டிரைவர் இருக்கிறது, அச்சு வருகிறதே' என்பது பாதி உண்மைதான்.

இதைக் கண்ணால் பார்க்க முடியும். Device Manager-ஐத் திறந்தால், நல்ல நிலையில் உள்ள ஸ்கேனர் Imaging devices என்ற தலைப்பின் கீழ் இருக்கும். அந்தத் தலைப்பே இல்லாமல், Other devices என்பதன் கீழ் மஞ்சள் முக்கோணத்தோடு மெஷினின் பெயர் தெரிந்தால், ஸ்கேன் பகுதி கதவைத் தட்டிவிட்டு உள்ளே விட ஆளில்லாமல் நிற்கிறது என்று பொருள். பவர்ஷெல்லில் இரண்டு வரிகள் இதையே இன்னும் தெளிவாகக் காட்டும்:

```
Get-Service Spooler, stisvc
Get-PnpDevice -Class Image -PresentOnly
```

இரண்டாவது வரிக்கு ஸ்கேனரின் பெயர் பதிலாக வந்தால் டிரைவர் உட்கார்ந்துவிட்டது. வெப்கேமராவும் சில சமயம் இதே பட்டியலில் வந்து நிற்கும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. பட்டியலில் ஸ்கேனர் இல்லையென்றால், தயாரிப்பாளரின் தளத்துக்குப் போய் அந்த மாடலுக்கான முழு மென்பொருள் தொகுப்பை எடுக்க வேண்டும். அங்கே அச்சு டிரைவர் மட்டும் கொண்ட சிறிய கோப்பும், ஸ்கேனும் சேர்ந்த பெரிய கோப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுண்டு. நேரம் மிச்சம் என்று சிறியதை எடுத்தவர்தான் பிறகு ஸ்கேனரைத் தேடுகிறார். பழைய டிரைவரை நீக்கி, கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு நிறுவத் தொடங்குவதும், நிறுவல் கேட்கும்போது மட்டும் செருகுவதும் நல்லது. தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் 'எல்லா டிரைவரும் இலவசம்' வகைத் தளங்களின் பக்கமே போகாதிருப்பது அதைவிட நல்லது.

முதல் வரி வேறொன்றைக் கேட்கிறது. அச்சுக்கும் ஸ்கேனுக்கும் விண்டோஸில் பின்னணியில் ஓடும் சர்வீஸ்கூட வெவ்வேறு. அச்சு வேலைகளை வரிசையில் நிறுத்தி அனுப்புவது Spooler. ஸ்கேனரை நிரல்களுக்கு அறிமுகப்படுத்துவது `stisvc`. `services.msc` பட்டியலில் அது Windows Image Acquisition (WIA) என்ற பெயரில் இருக்கும். இது நின்றுபோனால், டிரைவர் எவ்வளவு சரியாக இருந்தாலும் பெரும்பாலான நிரல்களுக்கு ஸ்கேனர் தெரியாது. அச்சு இதைச் சட்டை செய்யாது. 'கணினியை வேகமாக்குகிறோம்' என்று தேவையில்லாத சர்வீஸ்களை நிறுத்தும் மென்பொருள்களும் குறிப்புகளும் அடிக்கடி கைவைக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. பட்டியலில் அதன் மேல் இரண்டு முறை சொடுக்கி, தொடக்க வகையை Automatic என்று வைத்து, Start கொடுத்தால் போதும். தொடங்க மறுத்தால் அதே பெட்டியில் Dependencies பக்கத்தைப் பார்க்க வேண்டும். இது நம்பியிருக்கும் வேறு சர்வீஸ் எதையாவது யாரோ நிறுத்தியிருக்கலாம்.

பயனர் எதையும் செய்யாமலே ஸ்கேனர் மறைந்துபோவதும் உண்டு. 2024 அக்டோபரில் விண்டோஸ் 11-இன் 24H2 பதிப்பு வெளிவந்தது. அடுத்த மாதமே, யுஎஸ்பியில் இணைத்த ஸ்கேனர்களும் ஆல்-இன்-ஒன் மெஷின்களும் சிலருக்குக் காணாமல் போகின்றன என்று மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டது. சிக்கல் இஎஸ்சிஎல் என்ற ஸ்கேன் நெறிமுறையைச் சார்ந்தது. தயாரிப்பாளரின் டிரைவர் இல்லாமலே ஸ்கேன் செய்ய வழிசெய்யும் நல்ல ஏற்பாடுதான் அது. ஆனால் சில மெஷின்கள் இஎஸ்சிஎல் நிலையிலிருந்து சாதாரண யுஎஸ்பி நிலைக்குத் திரும்பாமல் நின்றுவிட்டன. அதனால் ஸ்கேன் டிரைவரைப் பொருத்த முடியவில்லை. அத்தகைய மெஷின் இணைந்திருந்த கணினிகளுக்குப் புதிய பதிப்பு போய்ச் சேராதபடி மைக்ரோசாஃப்ட் தடுத்து வைத்தது. டிசம்பரில் வந்த அப்டேட் சிக்கலைத் தீர்த்தது. நேற்றுவரை வேலை செய்த ஸ்கேனர் இன்று காலை இல்லையென்றால், Windows Update-இன் வரலாற்றுப் பக்கத்தில் நேற்றிரவு என்ன நிறுவப்பட்டது என்று பார்ப்பதற்குக் காரணம் இதுபோன்ற சம்பவங்கள்தான்.

வைஃபையில் இணைந்த மெஷினுக்குக் கதை வேறு. அச்சடிக்கும்போது கணினிக்கு மெஷினின் முகவரி ஏற்கெனவே தெரியும். 192.168.1.25 என்று வைத்துக்கொண்டால், அந்த முகவரிக்குத் தரவைத் தள்ளிவிடுகிறது. வெளியே போவதை விண்டோஸின் ஃபயர்வால் பொதுவாகத் தடுப்பதில்லை. ஸ்கேன் நிரலோ பல சமயம் 'இங்கே ஸ்கேனர் யாராவது இருக்கிறீர்களா' என்று வலையமைப்பு முழுவதும் கூவிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கிறது. அந்தக் கணினியில் வைஃபை இணைப்பு Public என்று குறிக்கப்பட்டிருந்தால் இந்தத் தேடல் முடக்கப்பட்டிருக்கும். மெஷின் பதில் சொன்னாலும் கணினியின் காதில் விழாது. புதிய வைஃபையில் சேரும்போது விண்டோஸ் 11 வழக்கமாக Public என்றே எடுத்துக்கொள்கிறது. ரயில் நிலையத்துக்கு அதுவே பாதுகாப்பு. வீட்டிலும் கடையிலும் Settings-இல் வைஃபையின் பண்புகளுக்குப் போய் Private network என்று மாற்றினால், பல ஸ்கேனர்கள் அந்தக் கணமே பட்டியலில் வந்துவிடும்.

இஎஸ்சிஎல் தெரிந்த மெஷினிடம் நேரடியாகவே கேட்டுப் பார்க்கலாம். பிரவுசரில் மெஷினின் முகவரியோடு இப்படித் தட்ட வேண்டும்:

```
http://192.168.1.25/eSCL/ScannerCapabilities
```

குறியீடுகள் நிறைந்த பக்கம் ஒன்று திறந்தால் ஸ்கேனர் உயிரோடு இருக்கிறது, கணினியிலிருந்து அதை எட்டவும் முடிகிறது. தேடல் மட்டுமே தோற்கிறது. ரூட்டர் அணைந்து எரிந்தபின் மெஷினுக்கு வேறு முகவரி தரப்பட்டிருப்பதும் இந்த இடத்தில்தான் பிடிபடும். அச்சு டிரைவர் புது முகவரியைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்க, ஸ்கேன் மென்பொருள் தன் அமைப்பில் எழுதிவைத்த பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டிருக்கும். ரூட்டரில் அந்த மெஷினுக்கு ஒரே முகவரியை ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

இனி, எந்த டிரைவராலும் தீராத ஒரு நிலை. கடையில் இரண்டு கணினிகள். மெஷின் முதல் கணினியில் யுஎஸ்பியில் செருகப்பட்டிருக்கிறது. விண்டோஸின் பகிர்வு வசதி வழியாக இரண்டாவது கணினியிலிருந்தும் அச்சடிக்கிறார்கள். இரண்டாவதில் ஸ்கேன் கொடுத்தால் சாதனம் இல்லை என்கிறது. டிரைவரை மூன்று முறை மாற்றிப் போட்டவர்கள் உண்டு. ஆனால் விண்டோஸ் பகிர்வது அச்சு வரிசையை மட்டும்தான், ஸ்கேனரை அல்ல. இரண்டாவது கணினியின் Device Manager-இல் ஸ்கேனர் வருவதற்கு வழியே இல்லை. மெஷினில் வைஃபையோ லேன் துளையோ இருந்தால் அதை நேராக ரூட்டரில் இணைத்து, இரு கணினிகளிலும் முழுத் தொகுப்பை நிறுவ வேண்டும். இல்லையென்றால் முதல் கணினியில் ஸ்கேன் செய்து, இருவரும் திறக்கக்கூடிய ஒரு ஃபோல்டரில் சேமிப்பதே வழி. அழகில்லைதான், ஆனால் நம்பகமானது.

கடைசியாக, ஒரு நிரலில் ஸ்கேனர் தெரிகிறது, இன்னொன்றில் தெரியவில்லை என்ற புகார். விண்டோஸின் சொந்த ஸ்கேன் நிரல்கள் மேலே சொன்ன WIA வழியாகப் போகின்றன. பழைய அலுவலக மென்பொருள்கள் பலவும் ட்வெயின் என்ற, 1992-இல் தொடங்கிய இன்னொரு தரத்தின் வழியாகத் தேடுகின்றன. ட்வெயின் டிரைவர்கள் `C:\Windows\twain_32`, `C:\Windows\twain_64` என்ற ஃபோல்டர்களில் தனித்தனியே குடியிருக்கும். 64-பிட் நிரலால் 32-பிட் ட்வெயின் டிரைவரை நேரடியாக ஏற்ற முடியாது. தயாரிப்பாளர் 32-பிட் மட்டும் தந்திருந்தால், அந்த நிரலின் 32-பிட் பதிப்பை நிறுவலாம்; அல்லது நிரலின் அமைப்பில் ட்வெயினுக்குப் பதில் WIA-வைத் தேர்ந்தெடுக்கலாம்.

64-பிட் விண்டோஸுக்கு டிரைவரே வெளியிடப்படாத பழைய ஸ்கேனர்களுக்கு இந்த வழி உதவாது. விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பும் கிடையாது. அவற்றுக்கு வியூஸ்கேன் என்ற கட்டண மென்பொருள் சொந்த டிரைவர்களை வைத்திருக்கிறது. லினக்ஸில் சேன் என்ற இலவசத் திட்டம் பழைய மாடல்கள் பலவற்றை இன்னமும் ஆதரிக்கிறது. அதில் `scanimage -L` என்று தட்டினால், எட்டக்கூடிய ஸ்கேனர்களின் பட்டியல் வரும். பணம் கொடுக்குமுன் இரண்டின் ஆதரவுப் பட்டியலிலும் மாடல் எண்ணைத் தேடிப் பார்த்துவிடலாம்.