வார் மாட்டாத ஹெல்மெட்

பெட்ரோல் டேங்க் மேல் ஹெல்மெட்டை வைத்து ஓட்டுபவரை விடுங்கள். தலையில் வைத்தும் வாரைத் தொங்கவிடுபவரும் சட்டத்தின் பார்வையில் ஹெல்மெட் போட்டவரல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 129-வது பிரிவு, வாரால் தலையோடு இறுக்கிக் கட்டப்பட்டதையே தலைக்கவசம் என்கிறது. நான்கு வயதைத் தாண்டியவர் பின்னால் உட்கார்ந்தாலும் இதே விதிதான். மீறினால் 194டி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம். லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கலாம்.

பின்னால் உட்காரும் மனைவிக்குப் பெரும்பாலும் கணவரின் பழைய ஹெல்மெட்தான் வாய்க்கிறது. அது அவருக்குச் சரியா? வாரை மாட்டி, பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தூக்கிப் பாருங்கள். கழன்று நெற்றிக்கு வந்தால், கீழே விழும்போதும் அப்படியே கழன்றுவிடும். தலையை ஆட்டினால் கன்னத்துத் தோலும் கூடவே அசைய வேண்டும். வாருக்கும் தாடைக்கும் நடுவே ஒன்றிரண்டு விரல் நுழைந்தால் போதும்.

வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையோடு 4151 என்ற தர எண்ணையும் பாருங்கள். முத்திரை ஸ்டிக்கரை யாரும் அச்சடிக்கலாம். கீழேயுள்ள CM/L எண்ணை BIS Care செயலியில் தட்டினால் தயாரிப்பாளர் பெயர் வரும். ஹெல்மெட்டில் வேறு பெயர் இருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.