வலிக்காத கொப்புளம்

சித்திரை, வைகாசி வந்துவிட்டால் தமிழ்நாட்டின் சர்க்கரை நோய் மருத்துவர்களிடம் ஒரு குறிப்பிட்ட புண்ணோடு ஆட்கள் வருவார்கள். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். உச்சி வெயிலில் கோயில் பிரகாரத்தைச் செருப்பில்லாமல் சுற்றியிருப்பார்கள். கருங்கல் தளம் அந்நேரத்தில் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். கூட வந்தவர்கள் துள்ளிக்கொண்டு நிழலுக்கு ஓடியிருக்க, இவர் மட்டும் நிதானமாக மூன்று சுற்றையும் முடித்திருப்பார். மறுநாள் காலை, நடந்த இடமெல்லாம் ஈரமாக இருக்கிறதே என்று வீட்டில் யாராவது கேட்கும்போதுதான் கொப்புளம் உடைந்திருப்பதே தெரியவரும்.

இது பக்தி கொடுத்த பொறுமை அல்ல. பல வருடங்கள் சர்க்கரை கூடுதலாகவே இருந்தால் பாதத்து நரம்புகள் மெல்லச் செயலிழக்கின்றன. சூடும் குத்தலும் உரைக்காமல் போய்விடும். பைக் சைலன்சர், வெந்நீர் ஒத்தடம், செருப்புக்குள் கிடந்த சிறு ஆணி எல்லாம் இதே கதைதான். "வலி இல்லையே, தானா ஆறிடும்" என்ற பேச்சுதான் இந்த நோயில் மிகவும் ஆபத்தானது. மற்றவர்களுக்கு வலி காவல்காரன். இவர்களுக்கு அந்த வேலையைக் கண்தான் செய்ய வேண்டும்.

பிரகாரம் சுற்றியவருக்கு முதல் நாளே செய்திருக்க வேண்டியது மிக எளிது. சுட்ட இடத்தைக் குழாய் நீரில், சாதாரணக் குளிர்ச்சியில், 20 நிமிடம் காட்ட வேண்டும். சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. மெட்டி இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிட வேண்டும். ஐஸ் வைக்கக்கூடாது, உணர்ச்சி குறைந்த தோலில் அது இன்னொரு காயத்தை உண்டாக்கும். பற்பசை, இட்லி மாவு, பேனா மை, மஞ்சள் எதுவும் வேண்டாம். இவை சூட்டை உள்ளேயே பூட்டி வைக்கும், கிருமியையும் கொண்டுவரலாம். போதாக்குறைக்கு, தீப்புண்ணின் ஆழத்தை மருத்துவர் பார்க்க முடியாமல் மறைத்துவிடும்.

கொப்புளத்தை ஊசியால் குத்துவதும் தவறு. அந்தத் தோல்தான் அப்போதைக்கு இருக்கும் நல்ல கட்டு. தானாக உடைந்திருந்தால் சுத்தமான நீரால் கழுவி, ஒட்டாத மருந்துத் துணி வைத்துத் தளர்வாகக் கட்ட வேண்டும். பிறகு அந்தக் காலை ஊன்றி நடக்காமல், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். உள்ளங்காலில் தீப்புண் என்றால் சர்க்கரை உள்ளவர் வீட்டு வைத்தியத்தில் ஒரு நாளைக்கூடக் கழிக்கக்கூடாது.

அந்த ஒரு நாளைக் கழித்தவர்களின் கதை பெரும்பாலும் ஒரே மாதிரி போகும். மருந்துக் கடையில் ஒரு ஆயின்ட்மென்ட் வாங்கிப் பூசிக்கொண்டு, ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார். வலி இல்லாததால் புண் மேலேயே ஆயிரக்கணக்கான அடிகள் விழும். நாலைந்து நாளில் புண்ணைச் சுற்றிச் சிவப்பு படரும், தொடை இடுக்கில் நெறி கட்டும். வழக்கமாக 150 காட்டும் சர்க்கரை, சாப்பாட்டில் எந்த மாற்றமும் இல்லாமலே 280 காட்டும். கிருமி சர்க்கரையை ஏற்றுகிறது, ஏறிய சர்க்கரை கிருமியோடு போராடும் வெள்ளையணுக்களை மந்தமாக்குகிறது. ஒன்றுக்கொன்று தீனி போட்டுக்கொள்ளும் இந்தச் சுழலை ஆயின்ட்மென்ட் நிறுத்தாது. படுக்கையில் சேர்த்து, ஊசி வழியாக ஆன்டிபயாடிக் கொடுத்து, செத்த தோலை வெட்டியெடுக்க வேண்டியிருக்கும்.

அரிவாள்மனை வெட்டு, சவரக் கீறல் போன்றவற்றுக்கு முதலுதவி எல்லோருக்கும் ஒன்றுதான். சுத்தமான துணியால் பத்து நிமிடம், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல், அழுத்திப் பிடிக்க வேண்டும். ரத்தம் நின்றதும் ஓடும் நீரில் நன்றாகக் கழுவ வேண்டும். புண்ணில் தண்ணீர் படக்கூடாது, காற்றாட விட வேண்டும் என்பதெல்லாம் பழைய நம்பிக்கை. கழுவாத புண்ணில்தான் சீழ் வைக்கும். காய்ந்து பொருக்குத் தட்டிய புண்ணைவிட, மூடி லேசான ஈரத்தோடு இருக்கும் புண் சீக்கிரம் ஆறும். கட்டைத் தினமும் மாற்ற வேண்டும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: விரலைச் சுற்றிப் பிளாஸ்டரை இறுக்கி ஒட்டக்கூடாது. ஏற்கெனவே ரத்த ஓட்டம் குறைந்த விரலை அது இன்னும் நெரிக்கும். அழுக்கான காயமாக இருந்து, கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டியிருக்கும்.

பூச்சிக்கடியில் கடியைவிடச் சொறிதல்தான் எதிரி. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்துணி வைத்து, காலமைன் தடவி, நகத்தை ஒட்ட வெட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. தேனீயின் கொடுக்கு சிக்கியிருந்தால் உடனே வழித்து எடுத்துவிட வேண்டும். தடிப்பு அதிகமாகி மருத்துவரிடம் போகிறவர், தனக்குச் சர்க்கரை இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுவது அவசியம். அலர்ஜிக்குத் தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். முகமோ உதடோ வீங்கினால், மூச்சு திணறினால் யோசிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

ஆறுகிறதா இல்லையா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? சிவப்பின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு, அதே வெளிச்சத்தில் தினமும் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் போதும். நினைவு ஏமாற்றும், கோடு ஏமாற்றாது. முதல் இரண்டு மூன்று நாள் லேசான சிவப்பு இயல்பு. அதன் பிறகும் புண்ணின் விளிம்பிலிருந்து அரை சென்டிமீட்டருக்கு மேல் சிவப்பு, சூடு, வீக்கம், சீழ் தெரிந்தால் கிருமி இறங்கிவிட்டது என்று பொருள். இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, காய்ச்சல், துர்நாற்றம், கறுத்த தோல் இருந்தாலோ மறுநாள் வரை காத்திருக்கக்கூடாது. கையில் பட்ட சின்ன வெட்டு ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரியும்படி சுருங்காவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பாதத்தில் தோல் கிழிந்திருந்தால் அந்த ஒரு வார அவகாசமும் கிடையாது. மறுநாளே காட்ட வேண்டும்.

சீழும் இல்லை, சிவப்பும் இல்லை, ஆனால் புண் வெளிறிப்போய் அப்படியே நிற்கிறது, பாதம் சில்லென்று இருக்கிறது என்றால் சந்தேகம் ரத்தக் குழாயின் மேல் போக வேண்டும். அங்கே அடைப்பு இருக்கும்வரை எந்த மருந்துக் கட்டும் உதவாது. குழாயைப் பரிசோதிக்கச் சொல்லி நோயாளியே கேட்கலாம்.

காயம் படுவதற்கு முன்பே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவமனையில் உருவானது. கருவி எதுவும் தேவையில்லை. சர்க்கரை உள்ளவர் கண்ணை மூடிக்கொண்டு படுக்க, வீட்டில் ஒருவர் அவருடைய பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரலை இரண்டு காலிலும் விரல் நுனியால் ஒன்றிரண்டு விநாடி மெல்லத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொட்டது தெரிந்தவுடன் அவர் சொல்ல வேண்டும். ஆறு தொடுதலில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் பாதத்தின் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று கொள்ளலாம். அப்படிப்பட்டவர் மருத்துவரைப் பார்க்க வேண்டும், வீட்டுக்குள்ளும் செருப்புப் போட வேண்டும், பிரகாரத்தைச் சுற்றுவதாக இருந்தால் வெயில் ஏறுவதற்கு முன் காலையிலேயே போய்விட வேண்டும்.