இதை எண்ணியவர் யார்?

சென்ற ஆண்டு என் ஐந்தாம் வகுப்பின் வாசிப்புத் திறன் குறித்துச் செயலாராய்ச்சி ஒன்று செய்தேன். "இந்தியாவில் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் 42.8 விழுக்காட்டினருக்கே வாசிக்கத் தெரியும்" என்று முன்னுரையில் எழுதி, இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றை ஆதாரமாகக் காட்டியிருந்தேன். அதைப் படித்த கருத்தாளர், "இதை எண்ணியவர் யார் சார்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

கலைக்களஞ்சியக் கட்டுரையின் அடிக்குறிப்பைப் பின்தொடர்ந்தேன். எண்ணியது பிரதம் என்னும் தொண்டு நிறுவனம். அறிக்கையின் பெயர் ஏசர் 2022. இத்தகைய அறிக்கைகளைச் 'சாம்பல் இலக்கியம்' என்பர். அரசுத் துறைகளும் நிறுவனங்களும் வணிகப் பதிப்பகம் வழியாக அன்றித் தாமே வெளியிடுபவை இவை. ஆய்விதழ்க் கட்டுரையைப் போல இவை வெளியிலுள்ள வல்லுநர்களின் மதிப்பாய்வுக்குச் செல்வது கட்டாயமில்லை. ஆகவே, சரிபார்க்கும் வேலை நம்முடையதாகிறது.

அறிக்கையில் நான் முதலில் தேடியது, 'எப்படி எண்ணினார்கள்' என்று விளக்கும் பகுதியை. மாவட்டத்துக்கு 30 கிராமங்கள், கிராமத்துக்கு 20 வீடுகள். தன்னார்வலர்கள் வீட்டிற்கே சென்று, ஒவ்வொரு குழந்தையாக வாசிக்கச் சொல்கின்றனர். கொடுப்பது இரண்டாம் வகுப்பு நிலைப் பனுவல்.

இதைப் படித்ததும் என் வாக்கியத்திலிருந்த இரண்டு பிழைகள் புலப்பட்டன. அது இந்தியா முழுவதும் அன்று, ஊரக இந்தியா மட்டும். 'வாசிக்கத் தெரியும்' என்பதும் தவறு. எழுத்தையோ சொல்லையோ வாசிக்கும் குழந்தைகளும் மீதமுள்ளோரில் இருக்கிறார்கள். எனவே, "ஏசர் 2022 அறிக்கையின்படி, ஊரக இந்தியாவில் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் 42.8 விழுக்காட்டினர் இரண்டாம் வகுப்பு நிலைப் பனுவலை வாசித்தனர்" என்று திருத்தினேன். என் பள்ளி நகரத்தில் உள்ளது. அதனால் இந்த எண்ணைப் பின்னணியாக மட்டுமே வைத்தேன். என் வகுப்போடு ஒப்பிடவில்லை.

இன்னொன்றும் உண்டு. 2018இல் இதே அளவு 50.5 விழுக்காடு. இந்தச் சரிவைச் சொல்ல அறிக்கையே போதும். "பள்ளிகள் மூடப்பட்டதே காரணம்" என்று எழுத அது போதாது. அது காரணத்தைப் பற்றிய கூற்று. அதற்கு மதிப்பாய்வு பெற்ற ஆய்வுகள் வேண்டும்.

அப்படியானால் கலைக்களஞ்சியம் எதற்கு? பொருளின் பரப்பை அறியவும், தேடுவதற்கான கலைச்சொற்களைப் பெறவும், அடிக்குறிப்பு வழியே மூலத்தை அடையவும் அது உதவும். மூலம் கிடைத்தபின் மூலத்தைப் படித்து அதையே மேற்கோள் காட்ட வேண்டும். கலைக்களஞ்சியமே ஆய்வுப் பொருளாகும்போது மட்டும் நிலை வேறு. பெரியசாமித் தூரன் பதிப்பித்த தமிழ்க் கலைக்களஞ்சியம் அறிவியல் சொற்களை எப்படி ஆண்டது என்று ஆராய்பவருக்கு அதுவே மூலம்.

இப்போது என் மாணவர்கள் செயல்திட்டத்தில் எண் ஒன்றை எழுதி வந்தால், கருத்தாளர் கேட்ட கேள்வியைத்தான் நானும் கேட்கிறேன்: எண்ணியவர் யார், எங்கே, எதை?