வரம்புற்ற மாதிரிகளும் சிங்க் இடைச்செருகலும்: துண்டிப்புப் பிழை குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பட்டை வரம்புடைய குறிகையை அதன் மாதிரிகளிலிருந்து பிழையின்றி மீட்கலாம் என்பது மாதிரியெடுப்புத் தேற்றம். அத்தேற்றம் முடிவிலி மாதிரிகளைக் கோருகிறது. மாதிரிகள் வரம்புறும்போது தோன்றும் பிழையின் அளவையும் அதனைக் குறைக்கும் வழியையும் இக்கட்டுரை ஓர் எளிய எடுத்துக்காட்டின்வழி விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பட்டை வரம்பு, சிங்க் சார்பு, துண்டிப்புப் பிழை, சாளரச் சார்பு.

முன்னுரை

விட்டேக்கர் (1915), கொத்தெல்னிக்கோவ் (1933), ஷானன் (1949) ஆகியோர் பெயரால் வழங்கும் இத்தேற்றத்தின்படி, மாதிரி வீதத்தின் பாதிக்குக் கீழ் அடங்கிய குறிகையைப் பின்வரும் வாய்பாடு மீட்டுத் தரும்.

x(t) = Σ x[n] sinc(t − n), sinc(u) = sin(πu)/(πu)

இங்கு மாதிரி இடைவெளி 1 எனக் கொள்ளப்படுகிறது. t ஒரு முழு எண்ணாயின் அவ்விடத்து மாதிரி மட்டுமே எஞ்சும். எனவே, மாதிரிப் புள்ளிகளில் பிழை இல்லை. இடைப்பட்ட புள்ளிகளில்தான் சிக்கல் எழுகிறது.

மாறிலிக் குறிகை

எங்கும் 1 என்னும் மதிப்புடைய குறிகையைக் கொள்வோம். இரு மாதிரிகளுக்கு நடுவே, இருபுறமும் N மாதிரிகளைக் கொண்டு கணக்கிட்டால் கிடைப்பது:

(4/π)(1 − 1/3 + 1/5 − …), N உறுப்புகள்

இது கேரளக் கணித அறிஞர் மாதவர் கண்ட π/4 தொடரே ஆகும். அது மெல்லக் குவிவது. எஞ்சும் பிழை ஏறத்தாழ 1/(πN). 6 மாதிரிகளுக்கு 1.103 எனவும், 20 மாதிரிகளுக்கு 0.968 எனவும் விடை அமைகிறது. பிழையை 0.001 அளவிற்குக் குறைக்க ஏறத்தாழ 640 மாதிரிகள் வேண்டும். சிங்க் சார்பு 1/u என்னும் வீதத்தில் மட்டுமே தேய்வதே இதற்குக் காரணம்.

பதிவின் விளிம்பில் நிலைமை இன்னும் மோசமாகிறது. கடைசி இரு மாதிரிகளுக்கு நடுவே, வலப்புறத்து ஒற்றை மாதிரி 0.637 தரும், இடப்புறத்தவை 0.5 என்பதை அணுகும். கூட்டுத்தொகை 1.137. இடப்புறம் எத்தனை மாதிரிகளைச் சேர்த்தாலும் இப்பிழை நீங்காது.

சாளரத்தின் பயன்

சிங்க் சார்பை sinc(u/3) என்பதால் பெருக்கி, |u| < 3 என்னும் எல்லைக்குள் நிறுத்துவது லான்சோஸ் முறை. அதே 6 மாதிரிகளுக்கு நடுப்புள்ளியில் இது 0.994 தருகிறது, பிழை 0.103இலிருந்து 0.006 ஆகக் குறைகிறது. விளிம்புப் பிழை முற்றும் நீங்குவதில்லை. ஆயினும், அது கடைசி மூன்று மாதிரிகளுக்குள் அடங்கிவிடுகிறது. இதற்கு ஒரு விலை உண்டு: மாதிரி வீதத்தின் பாதியை ஒட்டிய அதிர்வெண்கள் நலிவுறும். குறிகையின் பட்டைக்கும் அவ்வெல்லைக்கும் இடையே போதிய இடைவெளி இருந்தால் மட்டுமே இம்முறை பொருந்தும்.

முடிவுரை

துண்டிக்கப்பட்ட சிங்க் வாய்பாட்டில் மாதிரிகளைப் பெருக்குவது சிறு பயனே தரும். சற்று மிகுந்த வீதத்தில் மாதிரியெடுத்து, விரைந்து தேயும் சார்பைக் கொண்டு இடைச்செருகி, விளிம்புப் பகுதியைக் கைவிடுவதே தக்கது. எந்தவோர் இடைச்செருகல் நிரலையும் முதலில் மாறிலிக் குறிகையால் சோதிக்கலாம். மாதிரிகளுக்கிடையே விடை 1இலிருந்து விலகும் அளவு, துண்டிப்பின் விளைவை நேரடியாகக் காட்டிவிடும்.