ஒரு தேவைக்கு ஒரு குழு: சிறு கடையின் முதல் கூகுள் விளம்பரம்

ஈரோட்டில் என் நண்பர் ஒருவர் வெட் கிரைண்டர் கடை வைத்திருக்கிறார். புது டேபிள் டாப் கிரைண்டர் விற்பார், பழையதை ரிப்பேர் செய்வார். கல், பெல்ட், டிரம் என உதிரி பாகங்களும் அவரிடம் கிடைக்கும். கூகுளில் விளம்பரம் போட்டு ஒரு மாதம் ஆனபோது, “காசு போகுது, ஆள் வரலை” என்று என்னை அழைத்தார்.

கணக்கைத் திறந்து பார்த்தேன். நாற்பது கீவேர்டுகளும் ஒரே ஆட் குரூப்பில் கிடந்தன. `buy wet grinder`, `grinder repair`, `grinder belt price` எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விளம்பரம்தான். அதன் தலைப்பு: ‘புது கிரைண்டர் சலுகை விலையில்’. வீட்டில் அரிசி ஊறிக்கொண்டிருக்கிறது, கிரைண்டர் சுற்றவில்லை என்று பதறித் தேடுகிற பெண்ணுக்குப் புது கிரைண்டர் சலுகையைக் காட்டினால் அவர் ஏன் கடைக்கு வரப்போகிறார்? விளம்பரம் போட்டதில் தவறில்லை. மூன்று வேறு தேவைகளை ஒரே மூட்டையில் கட்டியதுதான் தவறு.

கூகுள் ஆட்ஸ் கணக்கு மூன்று அடுக்காக இருக்கும். மேலே கேம்பெயின்: எந்த ஊர், ஒரு நாளைக்கு எவ்வளவு பணம் என்பதெல்லாம் அங்கே முடிவாகும். அதற்குள் ஆட் குரூப்கள். ஒவ்வொரு ஆட் குரூப்புக்குள்ளும் கீவேர்டுகளும் அவற்றுக்கான விளம்பரமும் இருக்கும். மக்கள் தேடுவது கீவேர்டோடு பொருந்தினால், அந்தக் குரூப்பில் உள்ள விளம்பரம் போட்டிக்குள் நுழைகிறது. ஆகவே எந்தக் கீவேர்டை எந்தக் குரூப்பில் வைக்கிறோம் என்பதுதான், எவருக்கு எந்த வாசகம் தெரியும் என்பதைத் தீர்மானிக்கிறது.

எப்படிப் பிரிப்பது? நான் வைக்கும் சோதனை ஒன்றே ஒன்று. இந்தக் குரூப்பில் உள்ள எல்லாத் தேடலுக்கும் ஒரே விளம்பரம் நேரான பதிலாக இருக்குமா? இருக்கும் என்றால் ஒரு குரூப். இல்லையென்றால் பிரிக்க வேண்டும். நண்பர் கடைக்கு மூன்று குரூப்கள் வந்தன: வாங்குகிறவர்கள், ரிப்பேர் தேடுகிறவர்கள், உதிரி பாகம் கேட்கிறவர்கள். ‘2 லிட்டர் கிரைண்டர்’, ‘3 லிட்டர் கிரைண்டர்’ என்று இன்னும் நறுக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இரண்டுக்கும் அதே விளம்பரம் போதும். சின்னக் கடைக்கு வருகிற தேடல்களை மேலும் துண்டாக்கினால், எந்தக் குரூப்பிலும் எதையும் கண்டுகொள்ளும் அளவுக்குக் கிளிக் சேராது.

கீவேர்டுகளை எங்கிருந்து எடுப்பது என்பதற்குக் கடையின் போனே போதும். வாடிக்கையாளர்கள் என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்று ஒரு வாரம் நோட்டில் எழுதச் சொன்னேன். “கல் கொத்தித் தருவீங்களா?” என்று நாலைந்து பேர் கேட்டிருந்தார்கள். கல் தேய்ந்து மழமழப்பாகி மாவு நைஸாக அரைபடாவிட்டால் கொத்த வேண்டுமே, அது. கடைக்காரருக்கு அது விளம்பரத்துக்கான சொல்லாகவே தோன்றியிருக்கவில்லை. ரிப்பேர் குரூப் இப்படி அமைந்தது:

```
"grinder repair"
"wet grinder service"
"grinder kal kothuvathu"
"கிரைண்டர் ரிப்பேர்"
```

சொற்களைச் சுற்றியுள்ள இரட்டை மேற்கோள் குறிக்கு அர்த்தம் உண்டு. அந்தச் சொற்றொடரின் பொருள் அடங்கிய தேடல்களுக்கு மட்டும் காட்டு என்பது அது. குறி இல்லாமல் வெறுமனே எழுதினால், தொடர்புடையது என்று கூகுள் கருதும் தேடல்களுக்கெல்லாம் விளம்பரம் போகும். பணம் குறைவாக இருக்கும்போது மேற்கோள் குறியோடு தொடங்குவதே பத்திரம்.

இந்தக் குரூப்பின் விளம்பரத்தில் முதல் தலைப்பு ‘கிரைண்டர் ரிப்பேர், ஈரோடு’. ஒரு தலைப்புக்கு 30 எழுத்து, விவரத்துக்கு 90 எழுத்து என்பது கூகுளின் எல்லை. 15 தலைப்பு வரை கொடுக்கலாம். கூகுள் அவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்துக் காட்டும். எனவே ஒவ்வொரு தலைப்பும் தனியே படித்தாலும் புரிய வேண்டும். கிளிக் செய்தவர் வந்து இறங்கும் பக்கமும் ரிப்பேர் பற்றியதாகவே இருக்கட்டும். எந்த மாடலெல்லாம் பார்ப்பீர்கள், எத்தனை நாளாகும், கடை எங்கே, போன் நம்பர். நண்பரிடம் அப்படி ஒரு பக்கம் இல்லை. ஒரே மாலையில் எழுதி ஏற்றினோம்.

அடுத்தது, வரக்கூடாதவர்களைத் தடுப்பது. ‘கிரைண்டர்’ என்ற சொல்லே ஒரு பொறி. இரும்பு அறுக்கும் ஆங்கிள் கிரைண்டர் தேடுகிறவரும், காபிக்கொட்டை அரைக்கும் மிஷின் தேடுகிறவரும் இதே சொல்லைத்தான் தட்டுகிறார்கள். `angle`, `coffee`, `olx` போன்றவற்றை நெகட்டிவ் கீவேர்டாகச் சேர்த்தால் அந்தத் தேடல்களில் விளம்பரம் வராது. இதில் ஒரு நுணுக்கம்: `job` என்று தடுத்தால் `jobs` தடைபடாது, அதைத் தனியே சேர்க்க வேண்டும். விற்பனைக் குரூப்பில் மட்டும் `repair`, `service`, `belt` ஆகியவற்றையும் நெகட்டிவாக வையுங்கள். அப்போதுதான் ரிப்பேர் தேடுகிறவர் தவறிப்போய் விற்பனை விளம்பரத்தைப் பார்க்க மாட்டார்.

கேம்பெயினைத் தொடங்கும்போது `Search` என்ற வகையைத் தேர்ந்தெடுத்து, `Display Network` என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். ஊரைக் குறிக்கும் இடத்தில் `Presence` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தானாக அமைந்திருப்பதை அப்படியே விட்டால், ஈரோட்டைப் பற்றித் தேடும் சென்னைக்காரருக்கும் விளம்பரம் போய், அந்தக் கிளிக்குக்கும் நாம்தான் பணம் கட்ட வேண்டிவரும்.

நண்பர் ஒரு நாளைக்கு 300 ரூபாய் வைத்தார். ஒருசில நாள் 600 வரை செலவானதைக் கண்டு பதறிவிட்டார். அது கூகுளின் விதிதான்: ஒரு நாளில் இரு மடங்கு வரை போகலாம், ஆனால் மாதத்தில் 30.4 மடங்கை, அதாவது 9,120 ரூபாயைத் தாண்டாது. கவனிக்க வேண்டியது வேறொன்று. இந்தப் பணம் கேம்பெயினுக்கு உரியது. மூன்று குரூப்களும் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. குறைந்த லாபமுள்ள பெல்ட் தேடல்களே பாதியைத் தின்றுகொண்டிருந்தன. குரூப்புக்குத் தனி பட்ஜெட் கொடுக்க வழியில்லை என்பதால், உதிரி பாகத்தை மட்டும் தனிக் கேம்பெயினாக்கி 50 ரூபாய் வைத்தோம்.

சரியாகப் பிரித்திருக்கிறோமா என்று எப்படித் தெரியும்? மூன்றாம் நாளே `Search terms` பக்கத்தைத் திறந்து, மக்கள் உண்மையில் தட்டிய சொற்களைப் படியுங்கள். பொருந்தாதது நெகட்டிவுக்குப் போகட்டும். நல்லதாக இருந்து குரூப்புக்கு ஒவ்வாததாக இருந்தால் புதுக் குரூப் தேவை என்று பொருள். எல்லாத் தேடலையும் கூகுள் அங்கே காட்டாது, இருந்தாலும் காட்டுவதே நிறையச் சொல்லும். இன்னொரு அடையாளம், கீவேர்டு அட்டவணையில் நாமே சேர்த்துக்கொள்ளக்கூடிய `Ad relevance` என்ற பத்தி. அங்கே `Below average` என்று வந்தால், அந்தக் கீவேர்டு உட்கார்ந்திருக்கும் குரூப்பின் விளம்பரம் அதற்குப் பதில் சொல்லவில்லை.

முதல் மாதம் கிளிக் எண்ணிக்கையைப் பார்த்து மகிழ வேண்டாம். கடைக்கு வந்த போன் ஒவ்வொன்றிலும், “எங்கே பார்த்து அழைச்சீங்க?” என்று கேட்டு அதே நோட்டில் எழுதுங்கள். கணக்கு தொடங்குவதற்கு முன்பே அந்த நோட்டைத் தொடங்கிவிடுங்கள்.